கையில் இருந்த பெயர்

தையற்காரரிடம் துணி கொடுக்கும் எந்த வீட்டிலும் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "உடம்பெல்லாம் சரியாய்த்தான் இருக்கிறது, கைதான் பிடிக்கிறது" என்பார்கள். கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறுகிறது. அடுத்த தடவை, "அக்குளில் கொஞ்சம் தாராளமாக வெட்டும்படி சொல்" என்று சொல்லி அனுப்புகிறோம். தையற்காரரும் அப்படியே செய்கிறார். முன்னிலும் அதிகமாகப் பிடிக்கிறது! இந்தப் புதிருக்கு விடை காண்பதிலேயே தம் ஆயுளில் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்ல எண்ணுகிறோம்.

அவர் பெயர் கிறிஸ்டோபல் பலென்சியாகா. ஸ்பெயின் தேசத்தின் வடகரையில் கெட்டாரியா என்னும் செம்படவர் ஊரில் 1895-ம் வருஷம் பிறந்தவர். தகப்பனார் படகோட்டி, பிள்ளைக்குப் பதினோரு வயதாகும்போது காலமாகிவிட்டார். தாயார் மார்ட்டினா அம்மாள் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். கோடைக் காலத்தில் அவ்வூருக்கு வந்து தங்கும் காஸா டோரஸ் பிரபு குடும்பத்துச் சீமாட்டி, அவரிடம் உடை தைத்துக்கொள்வது வழக்கம். தாயாருடன் மாளிகைக்குப் போய் வந்த பையன், அங்கேதான் பாரிஸ் நகரத்து உடைகளை முதன் முதலாகக் கண்டான்.

பன்னிரண்டாவது வயதில் அவனை அருகிலுள்ள சான் செபாஸ்டியன் நகரத்தில் ஒரு தையற்காரரிடம் வேலை பழக அனுப்பினார்கள். பாரிஸில் உடை வகுத்துப் பெயர் பெற்றவர்களில் பலர் காகிதத்தில் படம் வரைவார்கள்; வெட்டுவதும் தைப்பதும் வேறு கைகள். பலென்சியாகாவோ வரைதல், வெட்டுதல், கூட்டித் தைத்தல் எல்லாவற்றையும் தாமே செய்ய வல்லவர். போட்டிக் கடைக்காரியான ஷனேல் அம்மையாரே இந்த விஷயத்தில் அவருக்கு முதலிடம் கொடுத்தார் என்றால் வேறு சாட்சி எதற்கு?

1917-ல் சான் செபாஸ்டியனில் சொந்தக் கடை வைத்தார். பிறகு மாட்ரிட், பார்ஸிலோனா நகரங்களிலும் கிளைகள் ஏற்பட்டன. ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது பாரிஸுக்குச் சென்று, 1937-ல் ஜார்ஜ் ஐந்தாம் வீதி, 10-ம் நம்பர் கட்டடத்தில் புதிய கடையைத் திறந்தார். அங்கேதான் அவருடைய 'கைப் பைத்தியம்' ஊரறிந்த விஷயமாயிற்று. முடிந்துபோன உடையாக இருந்தாலும் சரி, கை திருப்தியாக விழவில்லையென்றால் அதைப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடியும் பிரிப்பார்.

அப்படி என்னதான் இருக்கிறது ஒரு கையில்? முதலில் நமது புதிரைப் பார்ப்போம். உடலும் கையும் சேரும் வளைவைக் கீழே இறக்கி வெட்டினால், கை அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் உடலோடு இணைகிறது. புஜத்தைத் தூக்கும்போது அந்த இணைப்பையும் தூக்கியாகவேண்டும். அதனுடன் விலாப்பக்கத்துத் துணி முழுவதும் கிளம்பி வருகிறது. வளைவு சிறிதாகவும், உறுத்தாத அளவில் அக்குளை ஒட்டி உயரமாகவும் இருந்தால், புஜம் மாத்திரம் மேலே போகும். உடம்புத் துணி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே தாராளம் வேண்டிய இடம் அக்குள் அன்று, கையின் மேல்வளைவு.

மேற்சட்டை போன்ற உடைகளில் அந்த மேல்வளைவைச் சட்டையின் வளைவைக் காட்டிலும் 1 முதல் 1½ அங்குலம் வரை நீளமாக வெட்டுவார்கள். கம்பளித் துணியானால் நுண்ணிய ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்து, ஈர ஆவி காட்டி அந்த அதிகத்தை உள்ளே சுருக்கிவிடலாம். சுருக்கு வெளியே தெரியாது. தோளின் உருண்டைக்கு வேண்டிய இடம் மட்டும் கிடைக்கும். வழவழப்பான பட்டு இவ்வளவு சொன்னபடி கேளாது. அதற்கு மிகையைக் குறைத்தே வெட்டவேண்டும்.

மூன்றாவது விஷயம், கையின் சாய்வு. துணியின் பாவு நூல் தோளிலிருந்து முழங்கை வரையில் நேராகத் தொங்கவேண்டும். சாய்வு தப்பினால் மேல்வளைவிலிருந்து முழங்கையை நோக்கிக் குறுக்கே மடிப்புகள் விழும். அளவு நாடாவினால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. உடையை அணிந்தவர் கைகளை இயல்பாகத் தொங்கவிட்டு நிற்கும்போது, கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைக் கடந்த ஒரு சீமாட்டி மேற்சட்டை தைக்க வருகிறாள். முதுகு சற்றுக் கூனியிருக்கிறது. வயிறு கொஞ்சம் முன்னே வந்திருக்கிறது. மார்பளவும் இடையளவும் மட்டும் பார்த்து வெட்டினால், முதுகுத் துணி போதாமல் பின் விளிம்பு மேலே தூக்கும். ஆகையால் தோளுக்கும் முதுகுக்கும் இடையே நீளம் கூட்டவேண்டும். கூனுடையவரின் புஜங்கள் முன்புறமாகத் தொங்குவதால், கையைப் பிரித்துக் கால் அங்குலமோ அரை அங்குலமோ முன்னே திருப்பி வைக்கவேண்டும். திருத்தம் இதோடு முடிகிறது.

பலென்சியாகா இதே திருத்தத்தைப் பாணியாகவே ஆக்கிவிட்டார். 1951-ல் அவர் வெளியிட்ட மேற்சட்டை முன்னால் உடலை ஒட்டியும் பின்னால் தளர்ந்தும் இருந்தது. தளர்ந்த முதுகில் கூன் மறைந்தது. கழுத்துப்பட்டியைப் பிடரியிலிருந்து விலக்கி வைத்தார். குட்டைக் கழுத்தும் நீண்டு தோன்றிற்று. கையை மணிக்கட்டுக்கு மேலேயே நிறுத்தினார். உடலில் மெல்லிய பாகமான மணிக்கட்டு வெளியே தெரிந்தது. குறையை மறைக்கச் செய்த யுக்தி, குறையே இல்லாதவர்களும் ஆசைப்படும் நாகரிகமாயிற்று!

இப்படிப்பட்ட கடைக்கு வாடிக்கைக்காரர்கள் நிலைத்ததில் வியப்பில்லை. முதலாளி பெரும்பாலும் அவர்கள் முன்னால் வரமாட்டார். பத்திரிகைக்காரர்களுக்கும் பேட்டி தரமாட்டார். பாரிஸின் பெரிய கடைகளில், ஒவ்வொரு சீமாட்டியின் அளவுக்கும் பஞ்சும் துணியும் வைத்துத் திணித்த பொம்மை ஒன்று தையற்கூடத்தில் நிற்கும். அவள் ஊரில் இல்லாதபோதும் அவள் உடம்பு அங்கே இருந்துகொண்டிருக்கும். மோனா பிஸ்மார்க் என்னும் அமெரிக்கச் சீமாட்டி தோட்ட வேலைக்கு அணியும் கால்சட்டையைக்கூட அங்கேதான் தைத்துக்கொண்டாராம். கெட்டாரியாவில் பையனுக்கு மாளிகைக் கதவைத் திறந்த பிரபு குடும்பத்தின் வழியில் வந்த பபியோலா, 1960-ல் பெல்ஜிய மன்னரை மணந்தபோது உடுத்திய கல்யாண உடையும் பலென்சியாகா செய்ததுதான். ஒரே குடும்பத்தின் வாடிக்கை அரை நூற்றாண்டு நிலைத்தது.

1968-ல் அவர் திடீரென்று கடையை மூடிவிட்டார். ஆளைப் பார்க்காமல் அளவு வாரியாக ஆயிரக்கணக்கில் தைத்து விற்கும் வியாபாரம் ஓங்கி வந்தது. அந்த முறையில் கையின் சாய்வை யாருக்கென்று பார்த்து வைப்பது? செய்தி கேட்ட மோனா பிஸ்மார்க் மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று டயானா வ்ரீலண்ட் என்ற பத்திரிகாசிரியை எழுதியிருக்கிறார். பலென்சியாகா 1972-ல் மறைந்தார். அவரிடம் தொழில் பழகிய கூரெஷ், உங்காரோ இருவரும் அதற்கு முன்பே தத்தம் பெயரில் கடை நடத்தலாயினர்.

அவருடைய பெயரோ கைமாறிக்கொண்டே போயிற்று. 2001-ல் அது குச்சி கம்பெனியின் வசமாயிற்று. அதே பெயர்ப் பலகையின் கீழ்ச் செருப்பும் பையும் உலகெங்கும் விற்றன. 2021-ல், ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், அதே 10-ம் நம்பர் கட்டடத்தில் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கும் பகுதியை மறுபடி திறந்தார்கள். பெயரை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நினைவிருந்தது என்றே கொள்கிறோம். கெட்டாரியாவில் அந்தச் சீமாட்டியின் மாளிகையை அடுத்து, 2011 முதல் அவருடைய உடைகளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பூவேலையையும் பட்டின் பளபளப்பையும் பார்ப்பதோடு நில்லாமல், தோளில் கை சேரும் இடத்தைச் சற்றுக் குனிந்து பார்ப்பது நலம். அந்த மனிதர் தம் பெயரைத் தைத்து வைத்தது அங்கேதான்.