ராத்திரி புகாருக்குப் பகல்ல ஆய்வு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. சோளத்தட்டு அறுப்பு, மாட்டு வேலை எல்லாம் இருந்துச்சு. ஆனா நிஜக் காரணம் தூக்கம். ராத்திரி தூங்காதவன் பகல்ல என்னத்த எழுதறது?

எங்க தோட்டத்துச் சாளைக்கு வடகிழக்கே, நடந்தா ஆறேழு நிமிஷத்துல, ஒரு புழுங்கல் அரிசி ஆலை இருக்கு. காங்கேயம் பக்கம் வந்து போனவங்களுக்குத் தெரியும், இங்க அரிசி ஆலை ஒண்ணும் புதுசு இல்லை. இந்த ஆலையும் வந்து பல வருசம் ஆச்சு. போன வருசம் பெருசாக் கட்டி, புது கொதிகலனும் காயவைக்கிற டிரையரும் போட்டாங்க. அதுல இருந்துதான் வினை.

நெல்லை சுடுதண்ணியில ஊறவச்சு, ஆவியில வேகவச்சு, சூடான காத்துல காயவைக்கிறதுதான் புழுங்கல் அரிசி. ஆவிக்கு உமியை எரிப்பாங்க. காயவைக்க பெரிய ஊதுகாத்து மிசின் மணிக்கணக்கா ஓடணும். ஆக எங்களுக்கு வர்றது ரெண்டு: உமிச்சாம்பல், மிசின் சத்தம். ரெண்டுமே ராத்திரியிலதான் அதிகம். பெரிய மின் இணைப்புக்காரங்களுக்கு ராத்திரி 10 மணியில இருந்து காலையில 5 மணி வரைக்கும் கட்டணத்துல 5 சதவீதம் சலுகை, உச்ச நேரத்துல ஓட்டினா 25 சதவீதம் கூடுதல். நான் முதலாளியா இருந்தாலும் ராத்திரிதான் ஓட்டுவேன். அதை நான் குத்தம் சொல்லலை.

எம்மேல கோவப்படறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க அக்கா பையன் அந்த ஆலையிலதான் வேலை பாக்குறான். மாட்டுக் கொட்டாய்க்கு உமி அங்கதான் வாங்கறேன். போன தடவை இதைப் பத்தி நாலு வரி எழுதினதுக்கு, சென்னையில இருந்து ஒருத்தர் “ஆலையை மூடிட்டா உங்க ஊர் ஆளுகளுக்கு யார் வேலை குடுப்பா?”ன்னு கேட்டிருந்தார். மூடச் சொன்னது யாருங்க? சாம்பல் பிடிக்கிற மிசினை ஓட்டு, சத்தம் போடற மிசினைச் சுத்தி மறைப்புக் கட்டு. கேட்டது அவ்வளவுதான்.

18.11.2024, திங்கக்கிழமை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல மனு குடுத்தேன். “இரவு நேரங்களில் கடுமையான புகையும் சத்தமும் வருகிறது, வயதான தாயார் மூச்சுத்திணறலால் அவதிப்படுகிறார்”னு ஒரே பக்கம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பினாங்க. டிசம்பர் 9ம் தேதி பதில் வந்துச்சு. “ஆய்வின்போது விதிமீறல் ஏதும் காணப்படவில்லை.”

எத்தனை மணிக்கு ஆய்வு பண்ணினாங்கன்னு அந்தக் காயிதத்துல இல்லை.

அந்த ராத்திரி கோவத்துல உக்காந்து என் மனுவையே திரும்பப் படிச்சேன். தப்பு எங்கிட்டயும் இருந்துச்சு. என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் காத்துன்னு ஒண்ணுமே எழுதலை. “கடுமையான”ங்கிற வார்த்தையை அளக்க எந்த ஆபீஸ்லயும் மிசின் கிடையாது. மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். டிசம்பர் 10ல இருந்து ஜனவரி 31 வரைக்கும், 53 ராத்திரி. அதுல சிலதை அப்படியே தர்றேன்.

12.12.2024. இரவு 10.50 ஊதுகாற்று சத்தம் ஆரம்பம். 12.30க்கு புகைபோக்கியில் கறுப்புப் புகை, 20 நிமிடம். நிலா வெளிச்சத்தில் தெரிந்தது. வாடைக்காற்று. காலை தட்டில் கறுப்புத் துகள்.

19.12.2024. ஒன்றுமில்லை. தட்டு சுத்தம்.

27.12.2024. 2.10க்கு அம்மாவுக்கு இழுப்பு. இன்ஹேலர் இரண்டு முறை. இருட்டு, புகை கண்ணுக்குத் தெரியவில்லை. வாசம் மட்டும். காலை தட்டில் கறுப்பு.

தட்டுன்னா வேற ஒண்ணுமில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டுல லேசா தேங்காயெண்ணெய் தடவி ராத்திரி 9 மணிக்கு மொட்டைமாடியில வச்சிருவேன், காலையில 6 மணிக்கு போட்டோ எடுத்துட்டு துடைச்சிருவேன். இதே மாதிரி ஒரு தட்டை ஆலைக்கு அந்தாண்ட, காத்து வர்ற பக்கத்துல இருக்கிற பங்காளி வீட்டுலயும் வைக்கச் சொன்னேன். அவர் தட்டு பெரும்பாலும் சுத்தமா இருக்கும். எங்க தட்டுல விழுந்தது ஊர்ப் புழுதி இல்லைன்னு காட்ட அது ஒண்ணு போதும்.

சாம்பலோட நிறமும் பேசும். உமி நல்லா எரிஞ்சா சாம்பல் வெளுத்து சாம்பல் நிறத்துல இருக்கும். கறுப்பா வந்தா அரைகுறையா எரிஞ்ச கரி அதுல இருக்குன்னு அர்த்தம். ஒரேடியா உமியைத் தள்ளி, காத்து பத்தாம எரிச்சா அப்படி வரும். அது வெளியில வந்து எங்க மாடியில விழுதுன்னா, சாம்பலைச் சுத்தவிட்டுக் கீழ இறக்குற சைக்ளோன் அடைச்சிருக்கணும், இல்லை எங்கயோ ஓட்டையா இருக்கணும். 27 காலையில தட்டுல சாம்பல், அதுல 19 நாள் கறுப்பு.

நோட்டுல அடிச்ச வரியும் ரெண்டு இருக்கு. ஒரு நாள் புகை வந்ததும் ஆவேசமா எழுதிட்டேன், காலையில பாத்தா பக்கத்துத் தோட்டத்துல தென்னைமட்டையை எரிச்சிருக்காங்க. இன்னொரு நாள் காத்தே எதிர்ப்பக்கம். ரெண்டையும் ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, காரணத்தைப் பக்கத்துல எழுதினேன். கிழிச்சுப் போடலை. “ஒன்றுமில்லை”ன்னு எழுதின 12 ராத்திரியும் அப்படியே இருக்கு. தினமும் குத்தம் மட்டுமே எழுதின நோட்டை நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்.

சத்தத்துக்கு வர்றேன். போன்ல டெசிபல் காட்டற ஆப் ஒண்ணு போட்டேன். அது சட்டப்படி அளவு ஆகாது, தெரியும். ஆனா ஒரே போன், ஒரே திண்ணை, ஒரே மாதிரி அசையாத காத்து, ஆலை ஓடும்போதும் நிக்கும்போதும் எடுத்தா வித்தியாசம் தெரியுமில்ல? பொங்கலன்னிக்கு, 14.1.2025, ஆலை லீவு. ராத்திரி 11.30க்கு 36. மூணு நாள் கழிச்சு அதே 11.30க்கு 58. பத்து கூடினாலே காதுக்கு சுமாரா ரெண்டு மடங்கா கேக்கும்பாங்க. இங்க 22.

2000ம் வருசத்து ஒலி மாசு விதிகள்ல, குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் 45 டெசிபல். அதுக்கு மேல 10 கூடினா யார் வேணும்னாலும் புகார் குடுக்கலாம். ஆனா தொழிற்பேட்டைன்னு எழுதிட்டா ராத்திரிக்கே 70. என் திண்ணை எதுல சேத்தி? சுத்தி தென்னந்தோப்பும் கொறங்காடும் நாலு சாளையும்தான் இருக்கு. நடுவுல ஒரு ஆலை வந்ததால நாங்க தொழிற்பேட்டை ஆயிருவோமா? இதை ஆபீஸ்ல கேட்டதுக்கு, “அதெல்லாம் இடத்தை வந்து பாத்துதான் சொல்லணும், பெரியவரே”ன்னாங்க. வந்து பாருங்கன்னுதானே சாமி மனுவே குடுத்தது!

பனிக்காலத்துல ஏன் இத்தனை மோசம்னும் நோட்டுலதான் பிடிபட்டுச்சு. மார்கழி ராத்திரி தரை சீக்கிரம் குளுந்திரும். கீழ குளிர்காத்து, மேல கொஞ்சம் வெதுவெதுப்பு, மூடி போட்ட பானை மாதிரி. புகை மேல ஏறாம படுத்துக்கும். சத்தமும் மேல போகாம தரைப்பக்கமே வளைஞ்சு வரும். வெயில் ஏறினா மூடி திறந்துக்கும். பகல் 12 மணிக்கு அதே கொதிகலன் அதே அளவு எரிஞ்சாலும் எங்க திண்ணையில அவ்வளவு தெரியாது. ஆடியில பாலக்காட்டுக் காத்து வந்தா எல்லாம் அந்தப் பக்கம் இருக்கிற சாளைகளுக்குப் போயிரும். அவங்க அப்ப மனு குடுப்பாங்க, நாங்க நிம்மதியா இருப்போம்.

3.2.2025ல ரெண்டாவது மனு. நோட்டு ஜெராக்ஸ், போட்டோ, பங்காளி கையெழுத்து எல்லாம் சேத்துக் குடுத்து ரசீது வாங்கினேன். அன்னிக்கே 10 ரூபா ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல ரெண்டு கேட்டேன்: ஆலைக்குக் குடுத்த இயக்க இசைவாணை, முதல் ஆய்வோட அறிக்கை. 30 நாளைக்குள்ள வந்துச்சு. இசைவாணையில, கொதிகலன் ஓடும்போதெல்லாம் தூசு பிடிக்கிற அமைப்பும் ஓடணும்னு நிபந்தனை தெளிவா இருக்கு. ஆய்வு அறிக்கையில, வந்த நேரம் காலை 11.40. அடுத்த வரி: “கொதிகலன் இயக்கத்தில் இல்லை.”

எரியாத அடுப்பைப் பாத்துட்டு புகை இல்லைன்னு எழுதியிருக்காங்க. அதுல பொய் ஒண்ணுமில்லை. ராத்திரி திருட்டுப் போச்சுன்னு சொன்னவன்கிட்ட மத்தியானம் வந்து “திருடனைக் காணோம்”னு எழுதிக் குடுக்கிற கதை.

ரெண்டாவது மனுவுக்கு ராத்திரியே வந்தாங்க, மறுக்கலை. அன்னிக்கு நோட்டுல உள்ளது இது:

12.3.2025. 8.30 ஆலை ஓடுகிறது. 9.05 சத்தம் நின்றது. 10.40 வாரிய ஜீப் வந்தது, திண்ணையில் கருவி வைத்தார்கள், 39. 11.25 ஜீப் போனது. 1.20 ஊதுகாற்று ஆரம்பம். காலை தட்டில் கறுப்பு.

யார் யாருக்கு போன் பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியாது, எழுதவும் இல்லை. நான் பாத்ததும் கேட்டதும் மட்டும்தான் நோட்டுல போகும். கருவி வச்ச அந்தத் தம்பி மரியாதையான பையன், அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுத்தான் போனார்.

மூணாவது மனு எழுதி வச்சிருக்கேன், வர்ற திங்கக்கிழமை குடுக்கணும். கேக்கறது ரெண்டுதான். கருவியை முக்கா மணி நேரம் வைக்காம, ஒரு வாரம் என் திண்ணையில விட்டுட்டுப் போங்க, கரண்டும் காவலும் என் பொறுப்பு. கொதிகலன், ஊதுகாத்து மிசின் ரெண்டும் எத்தனை மணிக்கு ஓடினதுன்னு ஆலையோட மின் மீட்டர் பதிவை வாங்கி, என் நோட்டோட பக்கத்துல வச்சுப் பாருங்க. நான் எழுதின நேரம் பொய்யா இருந்தா அதுலயே தெரிஞ்சிரும்.

இதை எழுதறப்ப மணி 12.10. சத்தம் ஓடிக்கிட்டு இருக்கு. தட்டு மாடியில இருக்கு.