வைப்புநிதி என்று விற்ற பாலிசி

வைப்புநிதி போட வங்கிக்குப் போன பெரியவர் தலையில் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் ஆயுள் காப்பீட்டைக் கட்டிவிடுகிறார்கள். பத்திரம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால் ரத்து செய்யலாம். காப்பு இருந்த நாட்களுக்கான கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை போக மீதி திரும்பும். ஆனால் ஏமாந்தவருக்கு உண்மை தெரிவதே அடுத்த பிரீமிய அறிவிப்பு வரும்போதுதான். ஆகவே பத்திரத்தை அன்றே பிரித்துப் பாருங்கள். ரத்துக் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடமே கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதன் பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் செய்யுங்கள். புகாரில் ஆத்திரம் வேண்டாம். விற்றவர் சொன்னதையும் பத்திரத்தில் இருப்பதையும் அடுத்தடுத்து, தேதியோடு எழுதினால் போதும். ஐஆர்டிஏஐ தீர்ப்பு சொல்லாது, நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும். தீர்ப்புக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும்.