‘ஆள் எப்படி?’ என்று கேட்காதீர்கள்! - பழைய முதலாளியிடம் விசாரிப்பது எப்படி?

நம் ஊர்ப் பக்கம் ‘விசாரிப்பது’ என்றாலே கல்யாணத்துக்கு விசாரிப்பதுதான். டீக்கடையில் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், ‘எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதில் ஆரம்பித்து எல்லாம் கேட்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் பல கடைகளில் இதே பழக்கம்தான். புதிதாக வருபவரின் பழைய முதலாளிக்கு ஒரு போன். “ஆள் எப்படிங்க?” என்று ஒரு கேள்வி. அந்த இரண்டு நிமிடப் பேச்சில் ஒருவருக்கு வேலை கிடைப்பதும் போவதும் முடிவாகிவிடுகிறது. அப்படி ஒரு போன் போனதே அவருக்குத் தெரியாது.

‘ரெஃபரன்ஸ் செக்’ எனப்படும் இந்த விசாரிப்பு தப்பில்லை. பணப்பெட்டிச் சாவியைக் கொடுக்கப்போகும் முதலாளி கேட்கத்தான் வேண்டும். எதைக் கேட்கிறோம், யாருடைய சம்மதத்தோடு கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஓர் உதாரணம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் வடக்கனந்தலில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உள்ள ஒரு ரைஸ் மில்லில் மூன்று வருடம் கணக்கு எழுதினார். இப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்கு அதே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கடைக்காரர் மில்லுக்கு போன் செய்கிறார்.

“ஏன் நின்னுச்சு அந்தப் பொண்ணு?”

“கல்யாணம் ஆச்சுங்க. அடிக்கடி லீவு வேற.”

இதோடு பேச்சு முடிந்துவிட்டது. கணக்கு சரியாக எழுதினாரா என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த லீவு எதற்கு, மில் அனுமதித்த லீவுதானா என்பதும் தெரியாது. கடைக்காரர் மனதில் தங்குவது கல்யாணமும் லீவும் மட்டும்தான்.

இன்னொரு கேள்வியும் இப்படித்தான். “எந்தப் பக்கம் வீடு?” கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால், நம் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். “மேலே கல்வராயன் மலைங்களா?” என்று கேட்டால், பழங்குடியினரா என்று கேட்பதற்குச் சமம். கணக்கு எழுதும் வேலைக்கு இந்தப் பதில் எதற்கும் உதவாது.

முதலில் சம்மதம்

விசாரிக்கும் முன் அந்தப் பெண்ணிடம் ஒரு சின்ன சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ‘யாரிடமும் விசாரிக்கச் சம்மதம்’ என்று இருந்தால் போதாது. யாரிடம் கேட்கப்போகிறோம், என்ன கேட்கப்போகிறோம், எத்தனை நாளுக்குள் கேட்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் எழுத வேண்டும்.

ஒருவர் இப்போதும் வேறு இடத்தில் வேலையில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அங்கே போன் போனால், புது வேலை கிடைக்கும் முன்பே இருக்கிற வேலைக்கு ஆபத்து. அதனால், வேலை உறுதி என்று எழுத்தில் கொடுத்த பிறகே, அவரைக் கேட்டுக்கொண்டு தற்போதைய முதலாளியிடம் பேசலாம். அதுவரை அதற்கு முந்தைய முதலாளியிடம் கேட்டால் போதும்.

நம் நாட்டின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை இப்படித்தான் பார்க்கிறது. சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்காக, கட்டாயமில்லாமல் தரப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டுமே எடுக்கலாம். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழில் படிக்கும் வசதியும் தர வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் தொடர்பான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் ஒன்று, இந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலுக்குத்தான். பதிவாகாத வெறும் போன் பேச்சு அதில் சிக்காது. எழுதிக் கேட்பது நல்லது என்பதற்கு அதுவே ஒரு காரணம்.

இப்படி எழுதலாம்

மில்லுக்குப் போக வேண்டிய மெயில் இவ்வளவுதான்:

“ஐயா, வணக்கம். தங்கள் மில்லில் கணக்கு எழுதிய இவர் எங்கள் கடையில் அதே வேலைக்கு விண்ணப்பித்துள்ளார். தங்களிடம் விசாரிக்க அவர் எழுத்தில் தந்த சம்மதத்தை இணைத்துள்ளோம். கீழே உள்ள நான்குக்கு மட்டும் பதில் வேண்டுகிறோம்.

1. வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி என்ன?
2. தினசரி பில், வங்கிக் கணக்கு சரிபார்ப்பு, ஜி.எஸ்.டி விவரம் தயாரிப்பு - இவற்றில் எவற்றைச் செய்தார்?
3. ரொக்கம் கையாண்டாரா? அவர் பொறுப்பில் கணக்கு வித்தியாசம் வந்ததாகப் பதிவு உண்டா?
4. விலகும்போது கணக்குகளை முறையாக ஒப்படைத்தாரா?

குடும்பம், உடல்நலம், சாதி, மதம் பற்றிய விவரங்கள் வேண்டாம். தங்கள் பதிலை முதலாளியும் மேலாளரும் மட்டுமே பார்ப்போம். விண்ணப்பித்தவர் கேட்டால் அவருக்குக் காட்டுவோம். முடிவெடுத்த பிறகு அழித்துவிடுவோம்.”

நான்குக்குமே மில்லின் ஏட்டைப் பார்த்துப் பதில் சொல்லலாம். ‘நேர்மையானவரா?’ என்று கேட்டால் அபிப்பிராயம் வரும்; ‘வித்தியாசம் பதிவாகியிருக்கிறதா?’ என்று கேட்டால் தகவல் வரும். ‘திரும்ப வந்தால் எடுப்பீர்களா?’ என்று பலர் கேட்கிறார்கள். வேலை சம்பந்தமான கேள்வி போலத்தான் தெரியும். ஆனால், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

தேதிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பழைய இடத்தில் பி.எஃப் பிடித்தம் இருந்திருந்தால், சேர்ந்த, விலகிய தேதிகள் பி.எஃப் பதிவில் இருக்கும். அதை அவரே எடுத்துக் காட்டலாம். அவருடைய பாஸ்வேர்டையோ ஓ.டி.பி-யையோ கேட்கக் கூடாது. அதேபோல, விண்ணப்பித்தவர் கொடுத்த செல் நம்பரை மட்டும் நம்ப வேண்டாம். முதலாளி போலப் பேச நண்பரை ஏற்பாடு செய்பவர்களும் உண்டு. மில் பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணிலோ, மெயில் முகவரியிலோ தொடர்புகொள்ளுங்கள்.

கெட்ட பதில் வந்தால்?

‘ரூ.12,000 வித்தியாசம் வந்தது’ என்று மில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நிராகரிக்க வேண்டாம். அந்தப் பெண்ணிடம் காட்டி, அவர் தரப்பைக் கேளுங்கள். லாரி வாடகைக்குக் கொடுத்த வவுச்சர் மறுநாள்தான் கணக்கில் ஏறியது என்று அவர் சொல்லலாம். மில்லிடம் அந்த ஒன்றை மட்டும் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பதிலே வரவில்லை என்றாலும் அதைக் கெட்ட பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதில் எழுதும் பழைய முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. இங்கிலாந்தில் ஸ்பிரிங் என்பவர் இன்ஷூரன்ஸ் விற்கும் வேலையிலிருந்து நீக்கப்பட்டு வேறு நிறுவனத்தில் விண்ணப்பித்தார். பழைய இடத்திலிருந்து போன கடிதம் அவரை நாணயமில்லாதவர் என்றது; வேலை கிடைக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, ஆனால் சரிபார்க்காமல் எழுதிவிட்டார்கள் என்று நீதிமன்றம் கண்டது. 1994-ல் அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதி அமைப்பான பிரபுக்கள் சபை, இப்படி எழுதும் முதலாளிக்குக் கவனத்தோடு எழுதும் கடமை இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், அலட்சியமாக எழுதியதால் ஒருவர் பிழைப்பு கெட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். அது நம் ஊர் சட்டமல்ல. ஆனாலும், “லீவு வேற” என்று போகிறபோக்கில் சொல்லும் முன் லீவு ரிஜிஸ்டரை ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம்.

கேட்கும் கடைக்காரருக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா? ‘கணக்கை ஒப்படைத்தாரா?’ என்று தாராளமாகக் கேட்கலாம். ‘எந்தத் தெரு?’ என்று கேட்க வாய் கூசினால், அந்தக் கேள்வியை மெயிலிலும் எழுத வேண்டாம், போனிலும் கேட்க வேண்டாம்.