பேஸ்மென்ட் முடிஞ்சும் பேங்க் பணம் வரலையா? வீட்டுக் கடனில் பலர் கவனிக்காத கணக்கு!

சொந்த மனை இருக்கிறது. பிளான் அப்ரூவல் வாங்கியாச்சு. வங்கியில் 24 லட்சம் ரூபாய் கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது. பூமி பூஜை போட்டு, கையிலிருந்த பணத்தில் பேஸ்மென்ட் வரை ஏற்றியாகிவிட்டது. 'இனி பேங்க் பணம் வந்துடும்' என்று நினைக்கும் நேரத்தில், வங்கி இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. மேஸ்திரியோ, "சுவர் எழுப்பணும் சார், செங்கல்லுக்குப் பணம் குடுங்க" என்று நிற்கிறார்.

இது வங்கியின் தாமதமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடன் ஒப்பந்தத்திலேயே உள்ள கணக்காகவும் இருக்கலாம்.

சாங்ஷன் வேறு, பணம் வருவது வேறு

கட்டி முடித்த ஃபிளாட்டை வாங்கினால், கடன் தொகை பத்திரப் பதிவு சமயத்தில் பெரும்பாலும் ஒரே தவணையில் விற்பவருக்குப் போய்விடும். மனையில் வீடு கட்டும் கடன் அப்படியல்ல. பேஸ்மென்ட், லின்டல், ரூஃப் கான்கிரீட், பூச்சு வேலை, கடைசியாக டைல்ஸ், கதவு, பெயின்ட் என்று வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் நேரில் பார்த்த பிறகே வங்கி பணத்தை விடுவிக்கும். எத்தனை கட்டம், எதற்கு எத்தனை சதவிகிதம் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

இதில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, 'என் பங்குப் பணத்தை எப்போது போட வேண்டும்?' என்பதுதான். பல வங்கிகள், உங்கள் பங்கு முழுவதும் முதலில் செலவாக வேண்டும் என்கின்றன. சில இடங்களில், முடிந்த வேலையின் மதிப்பில் கடன் விகிதப்படி ஒவ்வொரு முறையும் கொடுக்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு உதாரணக் கணக்கில் பார்ப்போம்.

30 லட்சம் வீடு... 7.5 லட்சம் இடைவெளி!

1,200 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் எஸ்டிமேட் 30 லட்சம். கடன் 24 லட்சம், உங்கள் பங்கு 6 லட்சம். பேஸ்மென்ட்டுக்கு 6 லட்சம், லின்டல் வரை சுவருக்கு 6 லட்சம், ரூஃபுக்கு 7.5 லட்சம், பூச்சு, வயரிங், பிளம்பிங் சேர்த்து 6 லட்சம், கடைசி வேலைகளுக்கு 4.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர் ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்கும் முன்பே அதற்கான பணத்தைக் கேட்கிறார்.

பேஸ்மென்ட் முடிந்ததும் இன்ஜினீயர், '6 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்கிறது' என்று ரிப்போர்ட் கொடுப்பார். அந்த 6 லட்சமும் உங்கள் பங்கு. அதனால் வங்கி தர வேண்டியது பூஜ்யம். சுவருக்கான 6 லட்சத்தை நீங்கள் வெளியே புரட்ட வேண்டும். லின்டல் முடிந்ததும் வங்கி 6 லட்சம் தரும். ஆனால், அதற்குள் ரூஃபுக்கு 7.5 லட்சம் கேட்பார்கள். கணக்குப் போட்டால் அந்த நாளில் உங்களுக்குத் தேவைப்படும் வெளிப் பணம் 7.5 லட்சம்.

இதே வீட்டுக்கு, முடிந்த வேலையில் 80 சதவிகிதம் கொடுக்கும் வங்கி என்றால், பேஸ்மென்ட் முடிந்ததுமே 4.8 லட்சம் வந்துவிடும். சுவருக்கு 1.2 லட்சம்தான் குறையும். அதிகபட்ச இடைவெளி, ரூஃப் சமயத்தில் 3.9 லட்சம். வீடும் கடன் தொகையும் ஒன்றுதான், ஆனால் புரட்ட வேண்டிய பணம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

இந்த இடைவெளியைத்தான் பலர் நகைக் கடனிலும், கைமாற்றிலும் அடைக்கிறார்கள். சிலர் அதற்கும் வழியில்லாமல் வேலையை நிறுத்துகிறார்கள். வேலை நின்றால் அடுத்த கட்டம் முடியாது. கட்டம் முடியாமல் அடுத்த பணமும் வராது.

இன்ஜினீயர் எதைப் பார்ப்பார்?

உங்கள் செலவு பில்களைவிட, எழும்பியிருக்கும் கட்டடத்தைத்தான் அவர் முதலில் பார்ப்பார். அளவெடுத்து, போட்டோ எடுத்து, எஸ்டிமேட்டில் எத்தனை சதவிகிதம் முடிந்தது என்று எழுதுவார். சைட்டில் இறக்கி வைத்த கம்பியும் எம்-சாண்டும் பொதுவாக 'முடிந்த வேலை' கணக்கில் சேராது. போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் போன்றவை எஸ்டிமேட்டில் இல்லையென்றால், அதற்குச் செய்த செலவும் கணக்கில் வராது. போர்வெல்லுக்கே கையிருப்பில் ஒரு பகுதி போய்விட்ட பிறகு, 'நான் 6 லட்சம் செலவழிச்சுட்டேனே' என்று சொல்லிப் பயனில்லை. எனவே, வங்கிக்கு எஸ்டிமேட் கொடுக்கும்போதே இவற்றை எழுதிச் சேர்த்து, எவற்றை வங்கி ஏற்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

அவர் பார்க்கும் இன்னொரு விஷயம், அப்ரூவல் வாங்கிய பிளான்படிதான் கட்டுகிறீர்களா என்பது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, ரிசர்வ் வங்கி 2006-ல் வங்கிகளுக்கு இதைப் பற்றி அறிவுறுத்தியது. பிளானை மீற மாட்டேன் என்று கடன் வாங்குபவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும். கட்டுமானத்தின் பல கட்டங்களில், வேலை பிளான்படி நடக்கிறது என்று வங்கி நியமிக்கும் ஆர்க்கிடெக்ட் சான்று தர வேண்டும் என்பது அதன் சாரம். கட்டும்போது, 'பக்கத்துல ரெண்டடி தள்ளிக்கலாம்', 'மாடிப்படியை வெளியே போட்டுக்கலாம்' என்று மேஸ்திரி சொல்வதைக் கேட்டு, விட வேண்டிய காலி இடத்தில் கட்டினால், அடுத்த தவணை அங்கேயே நிற்கலாம். மாற்றம் தேவையென்றால், முதலில் திருத்திய பிளானுக்கு அனுமதி, பிறகு வேலை.

வட்டி எப்போது தொடங்கும்?

முதல் தவணை வந்த நாளிலிருந்து, வந்த தொகைக்கு மட்டும் வட்டி. உதாரணமாக, 9 சதவிகித வட்டியில் 6 லட்சம் வந்திருந்தால் மாதம் 4,500 ரூபாய். அடுத்தடுத்த தவணைகள் வர வர இதுவும் ஏறும். இந்த வட்டியை மட்டும் கட்டும்போது அசல் குறையாது. வங்கி கொடுத்த அவகாசம் முடிந்துவிட்டால், வீடு முடியாவிட்டாலும் முழு இ.எம்.ஐ தொடங்கிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை.

கையெழுத்துக்கு முன்...

வங்கியிடம் தவணை அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். கான்ட்ராக்டரின் பண அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு வரியிலும், 'இந்த நாளில் என் கையில் எவ்வளவு இருக்கும், எவ்வளவு கொடுக்க வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். குறைவது எங்கே என்று தெரிந்துவிடும்.

பிறகு கான்ட்ராக்டரிடம் பேசுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகத் தராமல், ரூஃபுக்கு சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியதும் பாதி, கான்கிரீட் போட்ட பிறகு மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். 'வங்கி இன்ஜினீயர் பார்த்து, பணம் வந்த இத்தனை நாளுக்குள்' என்ற வரியை ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். கட்டம் முடியப்போகும் வாரத்திலேயே இன்ஸ்பெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், காத்திருக்கும் நாள்களும் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் இடைவெளிக்கான பணம் எங்கிருந்து வரும் என்பது முடிவாகாத வரை, வானம் தோண்ட நாள் குறிக்க வேண்டாம்.