ஓர் ஆண்டு விட்டால் படிப்பு போய்விடுமா?

எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை ஓர் ஆண்டு விட்டுவைத்தால் படிப்பு போய்விடும் என்பது கூலாய்த் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றிய நம்பிக்கை. அதை நான் ஏற்கவில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஜோகூர் பாருவைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே சம்பளம் கண்ட பிள்ளை திரும்பிப் படிக்க வருவது கடினம். ஆனால் அது அந்த ஆண்டின் குற்றமல்ல, முடிக்கவேண்டிய வேலை எதையும் அவனிடம் ஒப்படைக்காததன் குற்றம். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பும் இதற்கு மருந்தாகாது. நேர்முகத் தேர்வில் அந்தத் தாளை நீட்டலாம், அதைப் பற்றிப் பேசுவதற்கு எதுவும் இருக்காது.

கூலாயில் செய்யத்தக்க வேலை கண்முன்னே கிடக்கிறது. செடெனாக் பக்கம் செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுகின்றன. லயத்தில் வாழ்ந்தவர்கள் தாமான் வீடுகளில் முதுமையைக் கழிக்கிறார்கள். ஒரே தோட்டம், பத்துப் பேர், ஓர் ஆண்டு: அவர்கள் நினைவைப் பதிவு செய்து சிறு நூலாக்கலாம்.

இது எளிய வேலையல்ல. "அந்தக் கால வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "பெரட்டு எத்தனை மணிக்கு? யார் பெயர் கூப்பிட்டார்?" என்று கேட்டால்தான் கதை வரும். காற்றாடியை நிறுத்திவிட்டு, கைபேசியை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். பலர் கைவிடுவது இங்கேதான். இருபது பதிவு சேர்ந்து ஒரு பக்கமும் எழுதப்படவில்லை என்றால் வேலை கெட்டுவிட்டது என்று பொருள். எழுதி முடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது.

அடுத்தது சரிபார்ப்பு. ஒரு பாட்டி, "அண்ணன் பெர்மிட் கிடைக்காமல் ஊருக்குப் போனார்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு அவருக்கு நினைவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது 1969இல். அண்ணன் போன கப்பல் ரஜூலாவா, சிதம்பரமா என்று கேட்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ரஜூலா ஓய்ந்து சிதம்பரம் வந்தது. ரஜூலா என்றால் அந்தச் சில ஆண்டுகளுக்குள் காலம் அடங்கிவிடும். இன்னொருவர் வேறு ஆண்டு சொன்னால் இரண்டையும் எழுதி, எது ஏன் நம்பத்தக்கது என்று குறிக்க வேண்டும். இப்படி ஒரு தகவலைத் துருவிய பிள்ளைக்கு எந்தத் தேர்வாளர் முன்னும் பேச விஷயம் இருக்கும். வரலாறு மட்டுமல்ல, சட்டமோ செய்தித்துறையோ படிக்கப் போனாலும் இந்தப் பழக்கம் உதவும்.

சம்பளம் தேவைப்படும் வீடுகள் உண்டு. அங்கே அரை நாள் வேலை, வாரத்தில் இரண்டு சந்திப்பு என்று நடத்தலாம். படிப்பிடம் ஏற்கெனவே கிடைத்திருந்தால், ஒத்திவைக்க முடியுமா என்பதைக் கல்லூரியிடம் முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேசியவரின் சம்மதமில்லாமல் ஒரு வரியும் அச்சேறக் கூடாது.

கூலாய்ப் பெற்றோரே, பால் வெட்டிய தலைமுறையில் எண்பதைத் தாண்டியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்த ஆண்டு பிள்ளையை அவர்களிடம் அனுப்புங்கள்.