ஸ்கெட்ச் படமாகலாம், பேஸ்மட்டம் குறையக் கூடாது

திருவையாறு பக்கம் வீடு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு 30 அடி அகலம். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க 3 அடி பேஸ்மட்டம். திண்ணை, நான்கு தூண், மேலே ஓட்டுச் சாய்ப்பு. பென்சிலில் வரைந்ததை ஏஐ ஆப்பில் போட்டால், நிமிடத்தில் போட்டோ போலப் படம் வந்துவிடும். உற்றுப் பார்த்தால் பேஸ்மட்டம் ஒன்றரை அடிக்கு இறங்கியிருக்கும், தூண் ஐந்தாகியிருக்கும். வீட்டார் அதில் மயங்கி, ‘இப்படியே வேணும்’ என்று மேஸ்திரியிடம் நீட்டினால் வம்புதான்.

சாதாரணமாக ஏஐ உங்கள் கோட்டை அளவாகப் பார்ப்பதில்லை, ஜாடையாகத்தான் பார்க்கிறது. கோட்டைப் பிடித்துக்கொண்டே படம் வரைய வைக்கும் முறை ControlNet. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்டது. இந்த வசதி உள்ள ஆப்பையோ தளத்தையோ தேர்ந்தெடுங்கள்.

முதலில் தாளைச் சரிசெய்வோம். ஏ4 தாளைக் கிடையாக வைத்து, 10 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரத்தில் கட்டம் போடுங்கள். கால் அங்குலம் ஓர் அடி என்று வைத்தால், கட்டத்துக்குள் 40 அடிக்கு 32 அடி அடங்கும். வீட்டின் இரு பக்கமும் 5 அடி மிஞ்சும். கோடு போடாத வெள்ளைத் தாளே நல்லது; கிராஃப் தாளின் கட்டங்கள் சுவரில் டைல்ஸாக முளைக்கும். வெளிக்கோடுகளை மட்டும் பேனாவால் இழுத்துவிட்டு, நிழல், அளவு எண்களை அழித்துவிடுங்கள்.

சாய்வாக போட்டோ எடுத்தால் வீடும் சாயும். ஸ்கேன் ஆப்பில் எடுத்து, கட்டத்தின் ஓரத்தோடு வெட்டுங்கள். படத்தின் அளவை 1280 × 1024 என்று கொடுங்கள். அதுவும் 40-க்கு 32 என்ற அதே விகிதம்தான். சதுரப் படம் கேட்டால் வீடு நசுங்கும், அல்லது ஓரம் வெட்டுப்படும்.

ஆப்பில் `scribble` வேண்டாம், அது கிறுக்கலைப் போலத் தளர்வாகப் பிடிக்கும். `lineart` தேர்ந்தெடுத்து, `Control Weight` 1-க்குப் பக்கத்தில் வையுங்கள். பாதிக்கு இறக்கினால் தூண்கள் நகரத் தொடங்கும். எழுத்தில் கேட்பதையும் சுருக்கமாகக் கேளுங்கள்:

```
front elevation, straight-on view, clay tile roof, lime-washed wall
```

தெருக்கோடியிலிருந்து பார்க்கும் காட்சி என்று கேட்டால், கோணம் மாறி அளவும் போய்விடும்.

வந்த படத்தைச் சோதிப்பது சுலபம். 40 அடி 1280 பிக்சல் என்றால் ஓர் அடிக்கு 32. பேஸ்மட்டம் 96 பிக்சல், 7 அடிக் கதவு 224 பிக்சல் இருக்க வேண்டும். எண்ணப் பொறுமையில்லாதவர்கள், போட்டோ எடிட்டரில் படத்தின் மேல் ஸ்கெட்சைப் பாதி மங்கலாக வைத்துப் பாருங்கள். எங்கே கோடு இரட்டையாகத் தெரிகிறதோ, அங்கே ஏஐ நகர்த்தியிருக்கிறது.

அளவு பொருந்தினாலும் படம் நிறத்தையும் ஓட்டையும் தேர்ந்தெடுக்கத்தான். தூண் தாங்குமா, சாய்ப்பில் தண்ணீர் வடியுமா என்பது அதற்குத் தெரியாது. மேஸ்திரி கையில் போக வேண்டியது, அடி அங்குலம் எழுதிய வரைபடம்.