அடுப்பு இல்லாத இரண்டு நாள்: மலைக்குக் கட்டும் சோற்றின் கணக்கு

இண்டூர்ப் பக்கத்திலிருந்து வத்தல்மலைக்கோ சித்தேரி மலைக்கோ இரண்டு நாள் நடைக்குக் கிளம்புகிறவர்கள் பையில் என்ன வைப்பது என்று கேட்டால், பெரும்பாலும் ரொட்டி, வாழைப்பழம், தயிர்சாதம், பிரியாணிப் பொட்டலம் என்றுதான் பதில் வரும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும், பழகிய உணவு என்பது அவர்கள் நினைப்பு. ஆனால் இதை முதுகில் சுமந்து ஏறும்போது, சுமையில் பெரும்பங்கு வெறும் தண்ணீர். வடித்த சோற்றில் கிட்டத்தட்ட எழுபது விழுக்காடு தண்ணீர். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு. 100 கிராம் சோறு தருவது 130 கலோரி. அதே 100 கிராம் வறுத்த வேர்க்கடலை 550 கலோரிக்கு மேல் தரும். மலைக்கு எடுத்துப்போகும் உணவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதுதான்.

அங்கேயே சமைத்துக்கொண்டால் உலர்ந்த அரிசியும் பருப்பும் போதுமே என்று தோன்றலாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த போதைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை அந்த நாள் காட்டியது. வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போகிறவர்களும் அடுப்பு, ஸ்டவ், தீப்பெட்டி எதுவும் இல்லாமல் போவதே சரி. தவிர ஸ்டவ், எரிபொருள், பாத்திரம் மூன்றும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் வரும். அந்த எடைக்கு ஒருவரின் இரண்டு நாள் சாப்பாடே வந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் பையோடு ஏறி இறங்கினால், சுமார் 3,000 முதல் 3,500 கலோரி செலவாகும். அத்தனையையும் அன்றைக்கே ஈடுகட்ட வேண்டியதில்லை. உடம்பில் உள்ள கொழுப்பு இரண்டு நாள் பற்றாக்குறையைத் தாராளமாகத் தாங்கும். தாங்காதது வேறொன்று. தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்துச் சேமிப்பு ஒன்று உண்டு, கிளைகோஜன் என்பார்கள். அது ஏறத்தாழ 2,000 கலோரி அளவுக்குத்தான் இருக்கும், செங்குத்தாக ஏறும்போது வேகமாகக் கரையும். அது தீர்ந்தால் கால் கனக்கும், தலை சுற்றும், எரிச்சலாக வரும், எவ்வளவு மன உறுதி இருந்தாலும் நடை நகராது. எனவே நடக்கும்போது மாவும் சர்க்கரையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். அதன் இடம் இரவுச் சாப்பாடு. எடைக்கு நெய்யை மிஞ்சிய உணவில்லை, 100 கிராமில் 900 கலோரி. அதற்காக ஏற்றத்துக்கு முன்னால் நெய்யுருண்டையும் கைநிறையக் கடலையும் தின்றால், வயிறு அடைத்துக்கொண்டு குமட்டும்.

இனி ஒருவருக்கான கட்டு. முதல் நாள் காலை களியோ இட்லியோ வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார், இரண்டாம் நாள் இரவு வீடு திரும்பிவிடுகிறார். சுமக்க வேண்டியது மூன்று வேளை உணவும், நடக்கும்போது கொறிப்பதும், முதல் நாள் மதியத்துக்கு ஒரு பொட்டலமும்தான்.

அந்தப் பொட்டலம் புளிசாதமாக இருக்கட்டும். 350 கிராம், சுமார் 680 கலோரி. ஈரமான உணவுதான், ஆனால் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். முதல் மதியம் பழகிய சோறு உள்ளே போனால் மனமும் தெம்பாகும். ஒரே நிபந்தனை, அன்று பகல் ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் இருந்தால் அது முளைத்து நஞ்சு கக்கும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். புளியும் உப்பும் அதைத் தடுக்க உதவும், ஆனால் ஒவ்வொரு பருக்கையிலும் புளி ஏறியிருந்தால்தான். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு கிளறி, பிறகு இலையில் கட்டுங்கள். சுடச்சுடக் கட்டினால் ஆவி வேர்த்து இலைக்குள்ளேயே தண்ணீராகும். கெட்டுப்போவது அங்கேதான் தொடங்கும். தேங்காய்ச் சாதத்தையும் தயிர்சாதத்தையும் இந்த நடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவுக்கு அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டையாக்குவதால் அது பாதி வெந்த உணவு, நெருப்பு வேண்டாம். கெட்டி அவல் 120 கிராம், புளிக்காய்ச்சல் 50 கிராம், வறுத்த கடலை 30 கிராம். ஆக மொத்தம் 200 கிராம், ஏறத்தாழ 785 கலோரி. புளிக்காய்ச்சலை முந்தின நாளே வீட்டில் காய்ச்சிவிடலாம். 100 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்டவிட வேண்டும். கடைசியில் வறுத்த வெந்தயப் பொடி. எண்ணெய் பிரியாவிட்டால் உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று பொருள், இன்னும் கொதிக்கட்டும். ஆறிய பின் உலர்ந்த எவர்சில்வர் டப்பாவில், உலர்ந்த கரண்டியால் எடுத்து வையுங்கள். இரண்டு நாள் என்ன, ஒரு வாரம்கூடத் தாங்கும்.

தங்கும் இடத்துக்கு வந்ததும் பையை இறக்கிய கையோடு அவலில் ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரைத் தெளித்து மூடிவிட வேண்டும். கால் கழுவி, செருப்பு மாற்றி வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். ஒரு அவலை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள்; நடுவில் கட்டி தட்டாமல் மசிந்தால் பதம். பிறகு புளிக்காய்ச்சலையும் கடலையையும் போட்டுப் பிசைந்தால் போதும். மெல்லிய அவல் சீக்கிரம் ஊறும், ஆனால் கூழாகிவிடும். கெட்டி அவலே ஏற்றது.

இரண்டாம் நாள் காலைக்கு நம் பக்கத்துச் சிமிலி. கேழ்வரகு அடையைச் சுட்டு, வறுத்த வேர்க்கடலை, எள், வெல்லத்தோடு உரலில் இடித்து உருட்டுவது. 150 கிராம் எடுத்தால் 650 கலோரி அளவு வரும். மாவும் கொழுப்பும் இனிப்பும் ஒரே உருண்டையில் இருப்பதால், கடைகளில் விலை கொடுத்து வாங்கும் எனர்ஜி பார் செய்யும் வேலையை இது அப்படியே செய்கிறது. ஆனால் வீட்டில் அன்றைக்கே தின்னச் செய்யும் பதத்தில் மலைக்குச் செய்யக் கூடாது. அடையில் ஈரம் இருக்கும். சுட்ட அடையைச் சிறு துண்டுகளாக்கி, எண்ணெய் விடாத கல்லில் மொறுமொறுப்பாகும்வரை மறுபடி வறுத்து, ஆறிய பின் இடிக்க வேண்டும். மறுநாள் உருண்டையை உடைக்கும்போது நூல் இழுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இடிக்க நேரமில்லாதவர்கள் சத்துமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க நினைப்பார்கள். இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். கஞ்சி காய்ச்சுவதற்கென்று வெறுமனே உலர்த்தி அரைத்த மாவு பச்சை மாவு. அதைக் குளிர்ந்த நீரில் குடித்தால் வயிறு உப்பிப் பொருமும். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். பல்லில் ஒட்டி, பச்சை வாடை அடித்தால் அது அடுப்புக்கு உரியது. நன்றாக வறுத்து அரைத்ததுதான் மலைக்கு ஆகும்.

இரண்டாம் நாள் மதியம் இனிப்பு அவல்: அவல் 100 கிராம், பொடித்த வெல்லம் 40, கொப்பரைத் துருவல் 30. ஏறத்தாழ 695 கலோரி. ஈரத் தேங்காய் வேண்டாம், வெயிலில் அரை நாளில் ஊசிவிடும். நடக்கும்போது கொறிக்க முதல் நாளுக்குக் கடலைமிட்டாய் 100 கிராம், மறுநாளுக்கு 80 கிராம். இரண்டும் சேர்ந்து 900 கலோரி. பசி எடுத்த பிறகு தின்பதற்கு அல்ல, மணிக்கு ஒரு துண்டு, செங்குத்தான ஏற்றத்தில் இரண்டு. கடலை அதிகமாகத் தோன்றினால், பாதிக்குப் பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளலாம். கலோரி குறையும், ஆனால் ஏற்றத்தில் சீக்கிரம் வேலை செய்யும்.

கூட்டிப் பார்த்தால், புளிசாதம் நீங்கலாக 700 கிராமில் 3,030 கலோரி. அதே அளவைச் சோறாகச் சுமந்தால் 2 கிலோ 300 கிராம் வரும். புளிசாதத்தையும் சேர்த்தால் மொத்தச் சுமை ஒரு கிலோவும் ஐம்பது கிராமும். கலோரி 3,700-ஐத் தாண்டுகிறது. வீட்டில் சாப்பிடும் இரண்டு வேளையோடு, இரண்டு நாளுக்கு இது போதும். உயரமானவரோ கனத்த உடம்புக்காரரோ அவலை ஒவ்வொரு வேளையும் 30 கிராம் கூட்டிக்கொள்ளட்டும்.

வாங்கும்போது மூக்கையும் நாக்கையும் நம்புங்கள். கடலையைத் தோலோடு வாங்கி, சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்த பிறகே வறுக்க வேண்டும். அப்படிப்பட்ட கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும், வறுத்தாலும் முழுவதும் போகாது. கொப்பரையும் கடலையும் தொண்டையில் காறினால் எண்ணெய் சிக்குப்பிடித்துவிட்டது. மலையில் அதைத் தின்றுவிட்டுத் தண்ணீரைத் தேடி அலைய வேண்டாம்.

உலர் உணவு எடையில் மிச்சம் செய்துவிட்டு, அதைத் தண்ணீராகத் திருப்பிக் கேட்கும். அவல் தன் எடையை விடக் கூடுதலாகவே நீர் குடிக்கும். இரண்டு அவல் வேளைக்கும் அரை லிட்டராவது தனியே கணக்கில் வர வேண்டும். குடிக்க, வெயிலைப் பொறுத்து நாளுக்கு மூன்று நான்கு லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ; ஆகவே வழியில் எந்த ஊரில் கிணறோ குழாயோ உண்டு என்பதை வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த இடம்வரைக்கும் தேவையானதை மட்டும் சுமக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை குளோரின் மாத்திரை போட்டு, அதன் அட்டையில் சொன்ன நேரம் காத்திருந்துதான் அவலில் ஊற்றலாம். கொதிக்கவைக்க வழியில்லாத திட்டத்தில், வயிற்றுப்போக்கு வரும் பெரிய வாசல் அதுதான். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். உப்பு நாரத்தங்காய் ஒரு சிறு டப்பா, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் துணிப்பையிலும் மூடி இறுகும் டப்பாவிலும் கட்டுங்கள். வெல்லமும் புளியும் மணக்கும். குரங்குக்கும் கரடிக்கும் அந்த மணம் அழைப்பாகிவிடும். இரவில் பையைத் திறந்தபடி வெளியே விடாமல் தங்கும் வீட்டுக்குள் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே 150 கிராம் கடலைமிட்டாய், தனிக் கட்டாக, பையின் அடியில் இருக்கட்டும். வழி தவறினாலோ, மழையில் ஓடை பெருகி அக்கரையில் நின்றுவிட்டாலோ ஒரு இரவைத் தள்ள அந்த 750 கலோரி உதவும். அப்படி எதுவும் நேராவிட்டால் அந்தக் கட்டை அடிவாரம் வந்து சேரும்வரை பிரிக்கக் கூடாது.